தலைக்கு மேல் என்ன நிறம்?

வீட்டுக்கு வர்ணம் பூசும்போது சுவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். பச்சையா, மஞ்சளா, ரோஸா என்று நாள் முழுக்க யோசிப்போம். தலைக்கு மேலே ஒரு பரப்பு இருக்கிறது. தளத்தின் உட்பக்கம். பெயிண்டர்கள் அதை சீலிங் என்று சொல்வார்கள். அதற்கு என்ன நிறம் என்று கேட்டால், "வெள்ளைதான், வேறென்ன?" என்று சொல்லிவிடுவோம்.

பெங்களூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா அப்படிச் சொல்லவில்லை. அவருடைய வீடு 2 அறை கொண்டது. முன் அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஜாக்கெட் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, பாவாடை தைப்பது இதெல்லாம் அவருடைய தொழில். பகலில் வீட்டு வேலை. மாலை 6 மணிக்குமேல்தான் மெஷினில் உட்கார நேரம் கிடைக்கும். பின் அறை படுக்கை அறை. அவருடைய கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் வந்து அந்த அறையில்தான் தூங்குவார்.

அக்கா ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தார். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் சீலிங் முழுக்கக் கருநீலம். பார்க்க இரவு வானம் மாதிரி இருந்ததாம். "நம்ம முன் ரூமுக்கும் அதே கலர் அடித்துவிடுங்கள் அண்ணா" என்று பெயிண்டர் மேஸ்திரியிடம் சொன்னார்.

மேஸ்திரி உடனே சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. "தங்கச்சி, 2 பழைய சேலை கொடு. கருநீலமாக இருக்கட்டும். இன்று சாயங்காலம் சொல்கிறேன்" என்றார்.

சேலையை வைத்து என்ன செய்தார் என்பதற்கு முன்னால், சீலிங் ஒரு வீட்டில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

சீலிங் செய்யும் வேலை

சுவரில் ஒரு டியூப் லைட் இருக்கிறது. அதன் வெளிச்சம் கீழே மட்டும் வருவதில்லை. ஏறக்குறைய பாதி வெளிச்சம் மேலே போகிறது. மேலே போனது சீலிங்கில் படுகிறது. சீலிங் வெள்ளையாக இருந்தால் அது திரும்பவும் கீழே வருகிறது. அப்படி வரும்போது ஒரே இடத்தில் விழாமல் அறை முழுக்கப் பரவி விழுகிறது. ஆகவே வெள்ளைச் சீலிங்கை இன்னொரு விளக்கு என்றே சொல்லலாம். இதற்குக் கரண்ட் பில் கிடையாது.

பகலிலும் இப்படித்தான். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் முதலில் ஜன்னல் பக்கத்துத் தரையில் விழுகிறது. தரையிலிருந்து சீலிங்குக்குப் போகிறது. சீலிங்கிலிருந்து அறையின் உள்மூலைக்குப் போகிறது. ஜன்னலுக்குத் தூரத்தில் இருக்கும் பீரோவும் அலமாரியும் பகலில் கண்ணுக்குத் தெரிவதற்குச் சீலிங்கும் ஒரு காரணம்.

எந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும்? 100 பங்கு வெளிச்சம் போய்ப் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக அடித்த வெள்ளை சுமார் 80 பங்கைத் திருப்பித் தரும். க்ரீம் நிறம் சுமார் 70 பங்கு தரும். கருநீலம், காப்பிக்கொட்டை நிறம் போன்றவை 10 பங்கு தந்தால் அதிகம். மீதி 90 பங்கு சீலிங்கிலேயே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. திரும்பி வரும் வெளிச்சம் சீலிங்கின் நிறத்தையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வரும். பச்சைச் சீலிங்குக்குக் கீழே நின்றால் முகம் வெளுத்து, உடம்பு சரியில்லாதவர் மாதிரி தெரியும். துணியின் நிறமும் மாறித் தெரியும். தையல் வேலைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சேலைச் சோதனை

அன்று சாயங்காலம் மேஸ்திரி வந்தார். முன் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். உயரம் 9 அடி. முதலில் ஃபேன் சுவிட்சை அணைத்தார். அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டி, "யாரும் போடாதீர்கள்" என்றார். எதிரெதிர்ச் சுவர்களில் ஏற்கெனவே துணி காயப்போட அடித்திருந்த ஆணிகளில் கயிறு கட்டினார். ஃபேனுக்கு இந்தப் பக்கம் ஒரு சேலை, அந்தப் பக்கம் ஒரு சேலை. இரண்டையும் சீலிங்கை ஒட்டினாற்போல் விரித்துக் கட்டினார். டியூப் லைட்டில் துணி படாமல் பார்த்துக்கொண்டார். சீலிங்கில் முக்கால் பங்கு மறைந்தது.

அறை அழகாகத்தான் இருந்தது. அக்காவின் மகன் கைதட்டினான்.

"இப்போது மெஷினில் உட்கார் தங்கச்சி" என்றார் மேஸ்திரி.

அக்கா உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்தார். வழக்கமாக ஒரே தடவையில் கோத்துவிடுவார். அன்று 3 தடவை ஆனது. மேஸ்திரி 2 நூல்கண்டுகளை எடுத்துக் கொடுத்தார். "இதில் கறுப்பு எது, கருநீலம் எது?"

அக்கா உற்றுப் பார்த்தார். டியூப் லைட் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றை எடுத்து, "இதுதான் கறுப்பு" என்றார். அது கருநீலம்.

அதன்பிறகு சேலைகளை அவிழ்த்தார்கள். அதே டியூப் லைட். அதே நாற்காலி. அதே நூல்கண்டுகள். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே வித்தியாசம் தெரிந்தது.

கருநீல ஜாக்கெட்டில் கறுப்பு நூல் ஓடிவிட்டால் தைத்ததைப் பிரிக்க வேண்டும். துணி பாழானால் புதுத் துணி வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை இப்படி நடந்த வீட்டுக்காரர்கள் மறுபடி துணி கொடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னொரு டியூப் லைட் போட்டுவிட்டால்?" என்று கேட்டார். போடலாம். ஆனால் அதன் வெளிச்சத்திலும் மேலே போகும் பாதி வீணாகத்தான் போகும். கரண்ட் பில் மட்டும் மாதாமாதம் வரும்.

அப்படியானால் மண்டபத்தில் எப்படி நன்றாக இருந்தது?

அக்கா கேட்ட இந்தக் கேள்வி நல்ல கேள்வி. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் உயரம் 15 அடிக்கு மேல். அங்கே விளக்குகள் சீலிங்கை ஒட்டி இல்லை. நீளமான கம்பியில் தொங்கின. ஒவ்வொரு விளக்குக்கும் குடை மாதிரி மூடி இருந்தது. அதனால் வெளிச்சம் முழுவதும் கீழே இலையில் விழுந்தது. மேலே போகவே இல்லை. போகாத வெளிச்சத்தைச் சீலிங் எப்படி விழுங்கும்? சுவர்களும் வெள்ளையாக இருந்தன. ஆக, கருநீலம் அங்கே யாருக்கும் கஷ்டம் தரவில்லை.

சினிமாக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். அங்கே சீலிங்கும் சுவரும் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். திரையிலிருந்து வரும் வெளிச்சம் சீலிங்கில் பட்டு மறுபடி திரைக்கே போனால் படம் வெளிறிப்போகும். அந்த வெளிச்சத்தை விழுங்கத்தான் கறுப்பு. அங்கே கறுப்பு அலங்காரத்துக்கு இல்லை, வேலைக்கு.

பெங்களூரிலும் சென்னையிலும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கும். தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் கட்டிய தளம் அது. அந்த வீடுகள் 12 அடி, 14 அடி உயரம் இருக்கும். மரம் கறுத்திருக்கும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு வெள்ளை அடிப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் வரி வரியாகத் தெரியும். கருமையின் அழகும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்பதற்கு என் கண்ணுக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

ஆகவே சீலிங்குக்கு அடர்ந்த நிறம் அடிக்க ஆசைப்பட்டால் 3 விஷயங்களைப் பாருங்கள். முதலில் உயரம். 11 அடிக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 9 அடி அறையில் அடர்ந்த நிறம் தலைமேல் இறங்கி வந்தது மாதிரி தோன்றும். இரண்டாவது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது. பெரிய ஜன்னல்கள் 2 பக்கமும் இருந்தாலோ, விளக்கு கீழ்நோக்கி மட்டும் வெளிச்சம் தந்தாலோ சீலிங்கை நம்பி இருக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் முக்கியம். அந்த அறையில் என்ன வேலை நடக்கிறது? அரிசியில் கல் பொறுக்குவது, பிள்ளைகள் படிப்பது, தைப்பது, பூ கட்டுவது இவையெல்லாம் நடக்கும் அறையில், முதல் இரண்டும் சரியாக இருந்தால் ஒழிய, வெள்ளையை விட்டு நகர வேண்டாம்.

பின் அறைக்குப் போனது நீலம்

அக்காவின் முகம் வாடிப்போனது. மேஸ்திரி பின் அறையை எட்டிப் பார்த்தார். அது 10 அடிக்கு 10 அடி. கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல். கணவர் காலை 8 மணிக்குப் படுப்பார். அப்போது வெயில் நேராக ஜன்னலில் அடிக்கும். திரை போட்டிருந்தார்கள். ஆனாலும் திரைக்கு மேலே இருந்த இடுக்கு வழியாக வெளிச்சம் சீலிங்கில் விழுந்து, கட்டிலில் மல்லாந்து படுத்தவரின் கண்ணில் அடித்தது. மனிதர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார்.

"உன் நீலத்தை இங்கே அடிக்கலாமே" என்றார் மேஸ்திரி.

இந்த அறையும் 9 அடிதான். உயரத்தை மட்டும் பார்த்தால் அடர்ந்த நிறம் கூடாது. ஆனால் இங்கே யாரும் தைப்பதில்லை, படிப்பதில்லை. தூங்குவதுதான் வேலை. அதற்கு வெளிச்சம் குறைவது நல்லதுதான். தலைமேல் இறங்கி வந்த மாதிரி இருப்பது சிலருக்கு மூச்சு முட்டும். சிலருக்குப் போர்த்திக்கொண்டது மாதிரி இதமாக இருக்கும். இதைப் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். அதே சேலைகளைப் பின் அறையில் 4 நாள் கட்டிவைத்தார்கள். அந்த அறையில் மேஜை ஃபேன் என்பதால் தொல்லை இல்லை. ஐந்தாம் நாள் கணவர், "இருக்கட்டும்" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கு அதிகம் உதவியது சீலிங் இல்லை. அக்கா திரைக்கம்பியை அரை அடி உயர்த்தி, கனமான துணியில் அகலமான திரை தைத்துப் போட்டார். இடுக்கு அடைபட்டது. பெரும்பங்கு அதற்குத்தான். மீதி இருந்த வெளிச்சத்தைக் கருநீலம் விழுங்கியது.

அக்காவின் மாமியாருக்கு ஒரு பயம் இருந்தது. "கறுப்புக் கலர் அடித்தால் வீட்டில் சூடு ஏறுமே?" என்றார்.

"வெயில் வீட்டுக்குள் வந்தா சீலிங்கில் அடிக்கிறது பெரியம்மா? மொட்டை மாடியில்தானே அடிக்கிறது?" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது சரி. மொட்டை மாடியின் மேல்பக்கம் கறுப்பாக இருந்தால் வெயிலை வாங்கித் தளம் கொதிக்கும். வெள்ளையாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், தளம் அவ்வளவு சூடாகாது. உட்பக்கம் வெள்ளை அடித்தாலும் நீலம் அடித்தாலும் சூட்டில் வித்தியாசம் தெரியாது. சூடு குறைய வேண்டுமானால் மாடியின் மேல்பக்கம் வெள்ளை அடிக்க வேண்டும்.

அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழை நீர் தளத்தில் இறங்கினால் உட்பக்கம் உப்பு பூக்கும். வெள்ளை மாவு மாதிரி படியும். வெள்ளைச் சீலிங்கில் அது சட்டென்று தெரியாது. கருநீலத்தில் கோலம் போட்ட மாதிரி தெரியும். அக்கா வீட்டில் ஒரு மூலையில் ஈரம் இருந்தது. மாடியில் விரிசலை அடைத்து, ஈரம் நன்றாகக் காயும்வரை 3 வாரம் காத்திருந்தார்கள். ஈரத்தின்மேல் வர்ணம் அடித்தால் சில மாதத்தில் செதில் செதிலாக உரிந்து கட்டிலில் விழும்.

சுண்ணாம்பில் நீலப்பொடி கலந்து அடித்தால் செலவு குறையுமே என்று அக்கா கேட்டார். சுண்ணாம்பில் எவ்வளவு பொடி கலந்தாலும் காய்ந்ததும் வெளிர்நீலமாகத்தான் நிற்கும். பொடி அதிகமானால் கையில் ஒட்டும், தலையில் உதிரும். டிஸ்டம்பரும் பெரும்பாலும் வெளிர் நிறங்களுக்குத்தான். அடர்ந்த நிறம் வேண்டுமானால் எமல்ஷன் பெயிண்ட் வாங்க வேண்டும். அதில் அடர்ந்த நிறத்துக்கு விலையும் கொஞ்சம் கூடுதல்.

கடையில் எமல்ஷன் வாங்கும்போது மினுமினுப்பு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். மினுமினுக்கும் பெயிண்ட் சீலிங்குக்கு ஆகாது. கொத்தனார் கரண்டி ஓடிய மேடு பள்ளம் எல்லாம் அதில் தெரியும். விளக்கின் பிம்பமும் கண்ணைக் குத்தும். நிறம் அடர்த்தியாக ஆக இந்தத் தொல்லையும் அதிகம்.

கடையில் கலர் அட்டை காட்டுவார்கள். அதில் ஒரு கட்டம் தபால் தலை அளவு இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். ஒரே பெயிண்ட்தான் சுவரில் ஒரு மாதிரியும், சீலிங்கில் அதைவிடக் கறுத்தும் தெரியும். ஏனென்றால் ஜன்னல் வெளிச்சம் சீலிங்கில் நேராகப் படுவதில்லை. அதனால் மேஸ்திரி மிகச்சிறிய டப்பா ஒன்று வாங்கி, 2 அடி நீள அட்டையில் அடித்துக் காயவைத்தார். ஸ்டூலில் ஏறி அதைச் சீலிங்கோடு சேர்த்துப் பிடித்தார். காலையில் ஒரு தடவை, இரவில் விளக்குப் போட்டு ஒரு தடவை. அக்கா தேர்ந்தெடுத்த கருநீலம் ஏறக்குறைய கறுப்பாகவே தெரிந்தது. அதற்கு அடுத்த, ஒரு படி வெளிர்ந்த நீலத்தை எடுத்தார்கள். அது மேலே போனதும் அக்கா மண்டபத்தில் பார்த்த நிறம் மாதிரியே இருந்தது.

அறை 10 அடிக்கு 10 அடி என்றால் சீலிங் 100 சதுர அடி. நன்றாகப் பட்டி பார்த்துத் தேய்த்த தளத்தில் 1 லிட்டர் எமல்ஷன் 2 கோட்டிங்குக்குச் சுமார் 100 சதுர அடி வரும். ஆனால் இந்தச் சீலிங் பழைய வெள்ளை. நீலத்தின் நடுவே அது திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்தது. 3 கோட்டிங் தேவைப்பட்டது. ஆகவே ஒன்றரை லிட்டர் போனது. திரும்ப வெள்ளைக்கு மாற நினைத்தாலும் இதே கதைதான். நீலம் மறைய 3 கோட்டிங்காவது வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது வீட்டுக்காரர் பழையபடி வெள்ளை அடித்துத் தரச் சொன்னால் செலவு நம் தலையில் விழும்.

சுவர்களுக்கு வெள்ளையே அடித்தார்கள். சீலிங்கும் சுவரும் சேர்ந்து கறுத்தால் அறை கிணறு மாதிரி ஆகிவிடும். சட்டை பட்டனைப் போடக்கூட வெளிச்சம் இருக்காது.

முன் அறைக்கு என்ன ஆனது? சீலிங் வெள்ளைதான். ஆனால் அக்கா நீலத்தை முழுக்க விடவில்லை. "கொஞ்சமாவது சேருங்கள் அண்ணா" என்றார். மேஸ்திரி 20 பங்கு வெள்ளையில் 1 பங்கு நீலம் கலந்தார். முதலில் ஒரு டம்ளரில் கலந்து, அட்டையில் அடித்து, நூல்கண்டுகளை அதன் கீழே வைத்துப் பார்த்தார்கள். கறுப்பும் கருநீலமும் தனித்தனியாகத் தெரிந்தன. அதையே அடித்தார்கள். இரவில் பார்த்தால் வெள்ளை மாதிரி இருக்கும். பகலில் மட்டும் லேசாக நீலம் தெரியும்.

பெயிண்ட் கொஞ்சம் மிஞ்சியது. மேஸ்திரி அதை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி மூடி, அதன்மேல் அந்த நிறத்தின் பெயரையும் எண்ணையும் அடித்த தேதியையும் எழுதிக் கொடுத்தார். அடர்ந்த நிறத்தில் ஒரு இடம் உரிந்தால், கடையில் புதிதாகக் கலந்து வாங்கி ஒட்டுப்போட்டால் தனியாகத் தெரியும். அதே டப்பாவிலிருந்து தொட்டு அடித்தால் அவ்வளவாகத் தெரியாது. அக்கா அதைத் தையல் மெஷினுக்குக் கீழே வைத்திருக்கிறார்.